வீக்கத்தின் படமும் எலும்பின் முறிவும்

படி தவறியோ கால் தடுக்கியோ ஒருவர் விழுந்துவிட்டால், அவரை உட்கார வைத்து, வீங்கிய இடத்தைக் கைபேசியில் படம் பிடித்து, வெளியூரிலிருக்கும் தம்பிக்கோ மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சொந்தக்காரருக்கோ அனுப்பி, "சுளுக்கா, எலும்பு முறிவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இப்போது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பதிலும் தாமதமின்றி வந்துவிடுகிறது: வீக்கம் சிறியதானால் சுளுக்கு, பெரிதாகிக் கன்றிப் போயிருந்தால் முறிவு. இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கத்திலும் தவறிப்போவதையும், தவறியதன் பலனைப் படத்தைப் பார்த்துச் சொன்னவரல்லாமல் விழுந்தவரே மாதக்கணக்கில் அனுபவிப்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் நொந்ததனாலேயே இதை எழுதுகிறேன்.

கைப்பந்து விளையாடிக் குதித்து இறங்கிய ஒரு வாலிபனுக்குப் பாதம் உட்புறமாக மடங்கிவிட்டது. பத்து நிமிஷத்துக்குள் கணுக்காலின் வெளிப்புறம் கோழிமுட்டையளவு புடைத்தது. மறுநாள் விரல்வரை கன்றிப்போயிற்று. வீட்டார் பதறிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒரு கீறலும் இல்லை. அதேபோல, ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தார். பாதத்தின் வெளிவிளிம்பில் லேசான தடிப்பு. படத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதைக் கண்ட உறவினர்கள் சுளுக்குத்தான் என்று சொல்லிவிட, சுளுக்கு வழிக்கிறவரிடம் போய் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டே மூன்று வாரம் கழிந்தது. வலி தணியாமல் கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில், சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் நீண்ட பாத எலும்பின் அடிப்பாகம் முறிந்து விலகியிருந்தது. பாதம் திடீரென்று உள்மடங்கும்போது அந்த எலும்பின் அடியில் பற்றியிருக்கும் தசைநாணும் தசைநாரும் இழுக்கிற இழுப்பில், எலும்பே ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்துவிடுவதுண்டு.

எலும்பு முறியாத வாலிபனுக்கு அத்தனை வீக்கம் ஏன் என்று கேட்கலாம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநாரில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அது கிழிந்தால் இரத்தமும் நீரும் கசிந்து தோலுக்கடியில் தேங்குகின்றன. தேங்கியது இருக்கும் இடத்திலேயே நிற்பதில்லை; ஒன்றிரண்டு நாளில் தாழ்ந்த இடத்தை நாடி, குதிகாலுக்கும் விரல்களுக்கும் இறங்குகிறது. ஆகவே கறுப்பு எங்கே தெரிகிறதோ அங்கேதான் அடி பட்டிருக்கிறது என்பதும், கறுப்பு அதிகமானால் காயமும் அதிகம் என்பதும் பிழையான அனுமானங்கள். மாநிறத்தவர்க்கும் கறுத்த மேனியர்க்கும் கன்றல் கண்ணுக்கே சரியாகத் தெரியாதிருக்க, விளக்கொளியில் எடுத்த படத்தில் அது எப்படித் தெரியும்? படத்தைக் கொண்டு நிச்சயமாகச் சொல்லக்கூடியவை சிலவே: மூட்டு கோணிப்போயிருப்பது, தோல் கிழிந்து எலும்பு தெரிவது, தோல் உள்ளிருந்து குத்தப்பட்டாற்போல் வெளுத்து இறுகியிருப்பது, விரல்கள் வெளிறியோ நீலம் பாரித்தோ இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். இவை ஒன்றும் தெரியவில்லையென்றால், முறிவில்லை என்று படம் சொல்லிவிட்டதாக எண்ணக்கூடாது. படம் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

கண் சொல்லாததை விரல் சொல்லும். கானடா தேசத்து ஆட்டவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கணுக்கால் அடிபட்டு வந்தவர்களைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்ட விதிகள், எக்ஸ்ரே யாருக்கு அவசியம் என்பதை ஒரு விரலையும் நாலு அடி நடையையும் கொண்டு தீர்மானிக்கின்றன. பல தேசங்களில் சோதித்துப் பார்த்ததில், முக்கியமான முறிவு இவற்றுக்குத் தப்பிப்போவது மிக அபூர்வம் என்று தெரிந்திருக்கிறது.

கணுக்காலின் இரு பக்கங்களிலும் புடைத்துநிற்கும் எலும்பு முட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிமுட்டின் நுனியிலிருந்து தொடங்கி, அந்த எலும்பின் பின்விளிம்பு வழியே மேல்நோக்கி ஆறு சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ நாலு விரற்கடை வரைக்கும், ஒரே விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்முட்டிலும் அப்படியே. பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில் குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே துருத்திநிற்கும் எலும்பையும், உள்முட்டுக்கு முன்னால் சற்றுக் கீழே பாதத்தின் உட்புறத்தில் தட்டுப்படும் எலும்பையும் அழுத்துங்கள். இந்த நாலு இடங்களில் ஒன்றிலாவது எலும்பின்மேலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். விழுந்தவுடனேயும், மருத்துவர் பார்க்கும் சமயத்திலும், இரண்டு வேளையிலும் நாலு அடி நடக்க முடியாதவருக்கும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் அது நடைதான். ஒவ்வொரு காலிலும் இரண்டு தடவை பாரத்தை ஊன்றினால் போதும். முடியாதவரைக் கட்டாயப்படுத்தி நடக்கச் செய்வது இதற்குப் பொருளல்ல.

அந்த வாலிபன் நொண்டியபடி நடந்தான். வலி அவனுக்கு எலும்பில் இல்லை, வெளிமுட்டுக்கு முன்னால் சற்றுக் கீழே இருக்கும் மெத்தென்ற குழிவிலே இருந்தது. அங்கேதான் பெரும்பாலான சுளுக்குகளில் கிழியும் தசைநார் இருக்கிறது. அவனுக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டிருக்காது. அந்த அம்மாளும் நொண்டி நடந்தார். அதுவே எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. ஆனால் வெளிவிளிம்பின் எலும்பில் ஒரு விரலை வைத்திருந்தால் முதல் நாளே துடித்திருப்பார். நடக்க முடிகிறது, ஆகையால் முறிவில்லை என்ற பேச்சை இனியாவது விட்டுவிட வேண்டும்.

இந்த விதிகள் எல்லோருக்கும் பொருந்தமாட்டா. நெடுநாள் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவருக்கு முறிந்த எலும்பும் வலிக்காது. குடித்திருப்பவருக்கும், தலையிலோ வேறிடத்திலோ பெரிய அடிபட்டவருக்கும் வலியின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல. வீக்கம் மிகுந்து எலும்பே விரலுக்கு அகப்படாவிட்டாலும் விதி பயன்படாது. சிறு குழந்தைகளுக்கு எலும்பின் வளரும் பகுதி தசைநாரைவிட மெலிவானதாகையால், குழந்தைக்குச் சுளுக்கு என்று மருத்துவர் அல்லாத ஒருவர் சொன்னால் ஏற்காதீர்கள். வயதானவர் வீட்டுக்குள் வழுக்கி விழுந்து தொடையிடுக்கில் வலிக்கிறது என்றால், எழுந்து நடமாடினாலும் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும். தொடையெலும்பின் கழுத்து முறிந்து ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் சில நாள் நடக்கவும் முடியும், பிறகு ஒரு நாள் அது விலகிவிடக்கூடும்.

எக்ஸ்ரே கதிர் உடம்புக்கு ஆகாது என்று அஞ்சித் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. கணுக்காலுக்கு எடுக்கும் படத்தின் கதிரளவு, நாம் பூமியிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயல்பாகவே சில மணி நேரத்தில் பெறுகிற அளவுதான். கர்ப்பிணிகள் தம் நிலையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இனி, எங்கே போவது, என்ன கேட்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எக்ஸ்ரே கருவி இராது. தாலுகா மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ நேரே போவது மேல். ஓ.பி. சீட்டுப் போட்டதும், எப்படி விழுந்தீர்கள், பாதம் எந்தப் பக்கம் மடங்கியது, எந்த எலும்பில் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி, அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை நீளமாயிருக்கிறதென்று தொடாமலேயே "கால் எக்ஸ்ரே" என்று இரண்டு சொல் எழுதிக் கொடுத்துவிடுகிற வழக்கத்தை நான் கண்டிக்கிறேன். கணுக்காலுக்கு எடுக்கும் படம் வேறு, பாதத்துக்கு எடுக்கும் படம் வேறு. பாதத்தில் முறிந்த எலும்பு, கணுக்காலை மட்டும் எடுத்த படத்தில் விழாமலே போகலாம். ஆகவே வலமா இடமா, கணுக்காலா பாதமா என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே எக்ஸ்ரே அறைக்குப் போங்கள். ஒரே கோணத்தில் எடுத்த படம் போதாது. நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் இருந்தாக வேண்டும், கணுக்காலுக்குச் சற்றுச் சாய்த்து மூன்றாவதும் எடுப்பார்கள். ஃபிலிமைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கைபேசியில் அதன் பிரதியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் மறுபடி காட்டப் போகும்போது ஃபிலிமையே கொண்டுபோக வேண்டும்.

பஸ்ஸிலிருந்து விழுந்தாலும் வண்டி மோதி விழுந்தாலும், "சும்மா விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அவசரப் பிரிவில் உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். பின்னால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், முதல் நாள் சீட்டில் விபத்து என்ற சொல்லே இல்லையென்பது எதிர்த்தரப்பாரின் முதல் வாதமாக இருக்கும். அந்த அம்மாளிடம் மூன்று வாரத்துக்குப் பிந்திய ஃபிலிம் ஒன்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

சுளுக்கு என்று தீர்ந்தால், முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில மணிக்கொரு தரம் கால் மணி நேரம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் போதும். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், சூடு வைக்காதீர்கள். மறுபடியும் சொல்லுகிறேன்: முறிவில்லை என்று தெரிவதற்கு முன் யாரும் நீவக்கூடாது, நீவினால் அசையாமலிருந்த முறிவும் விலகும், கசிவும் பெருகும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டோ, மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டோ, எதுவாயினும், கட்டிய பிறகு வலி மணிக்கு மணி ஏறினாலும், விரல்கள் மரத்தாலும் குளிர்ந்தாலும் நிறம் மாறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே போய்க் கட்டைப் பிரிக்கச் செய்யுங்கள். சில மணி நேரத் தாமதத்தில் தசை செத்துவிடும்.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட பிறகும் ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால் மறுபடியும் காட்ட வேண்டும். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டருகே, இரண்டு நாண்களுக்கிடையே ஒரு பள்ளம் விழும். அங்கே அழுத்தினால் வலித்தால், படகு வடிவமான சிற்றெலும்பு ஒன்று முறிந்திருக்கலாம். அந்த முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலிருப்பது சகஜம். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பாகையால் கவனியாது விட்டால் ஒட்டாமலே போய்விடக்கூடும். மருத்துவர் கட்டுப் போட்டு, பத்து முதல் பதினாலு நாளுக்குள் மறுபடி எக்ஸ்ரேக்கு வரச் சொல்வார். வலி விட்டுவிட்டதென்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள், அதற்குமுன் கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள். தேதியைச் சொல்லாமல் அனுப்பினால், நீங்களே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.