சாஃப்ட்னர் தண்ணீரும் நம் மண்ணும்: ஒரு கணக்குப் பார்ப்போம்

போன வருஷம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஒரு சாஃப்ட்னர் வாங்கி வைத்தேன். போர் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். கீசர் காயில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து இரண்டு முறை போய்விட்டது, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. சாஃப்ட்னர் வந்ததும் எல்லாம் சரியாயிற்று. அதைக் கழுவிவிடும் தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒரு குழாய் போட்டு வாழைக்குத் திருப்பினேன். மூன்று மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. மரத்தடியில் தண்ணீர் இறங்காமல் குளம் கட்டி நின்றது, காய்ந்தால் மேல்மண் ஓடு மாதிரி ஆனது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், தண்ணிய நல்லதாக்குற மிஷின்னுதானே சொன்னீங்க? மண்ணு இப்படி ஆயிருச்சே?" என்று கேட்டார். பதில் தேடப் போய்த்தான் அந்த மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சாஃப்ட்னர் உப்பை வடிகட்டும் கருவி அல்ல, மாற்றும் கருவி. அந்த உயரமான உருளைக்குள் ரெசின் என்னும் பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன. கடுகைவிடச் சிறியவை, தேன் நிறம். ஒவ்வொரு மணியின் உடம்பு முழுக்க எதிர் மின்னூட்டம் உள்ள இடங்கள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். அந்த இடம் ஒன்றுகூடக் காலியாக இருக்க முடியாது, நேர் மின்னூட்டம் உள்ள ஏதோ ஒன்று அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். புது மணியில் உட்கார்ந்திருப்பது சோடியம்.

கடினநீர் இதன் வழியே இறங்கும்போது தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் மணியைப் பிடித்துக்கொள்கின்றன, சோடியம் தண்ணீருக்குள் போகிறது. கவுன்டரில் சில்லறை மாற்றுவது போலத்தான். கால்சியம் இரண்டு ரூபாய் நாணயம், சோடியம் ஒரு ரூபாய் நாணயம். ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் வெளியே வரும். பெட்டியில் உள்ள மொத்தத் தொகை மாறாது. இரட்டை மின்னூட்டம் உள்ளதை மணி இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால்தான் இந்த மாற்றம் நடக்கிறது.

எனவே டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். "சாஃப்ட்னர் போட்டும் டி.டி.எஸ். குறையவில்லையே" என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. உப்புக்கரிக்கும் தண்ணீர் சாஃப்ட்னரால் நல்ல தண்ணீராகாது. எங்கள் 600 மில்லிகிராம் கடினத்தன்மை முழுவதும் மாறினால், ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேருகிறது.

மணிகளின் இடமெல்லாம் கால்சியத்தால் நிரம்பியதும் மாற்றம் நின்றுவிடும். சோப்பு மறுபடி நுரைக்காது. அப்போதுதான் கல்லுப்புக்கு வேலை. இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மணிக்குக் கால்சியத்தின்மேல்தான் பிடிப்பு அதிகம் என்றால், சாதாரண உப்பில் உள்ள சோடியம் அதை எப்படி வெளியேற்றும்?

கூட்டத்தின் பலம்தான் காரணம். உப்புக் கரைசலை நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கெட்டியாகக் கரைக்கிறோம். எங்கள் போர் தண்ணீரில் உள்ள மொத்தக் கால்சியம், மெக்னீசியத்தின் மின்னூட்டத்தோடு ஒப்பிட்டால், அந்தக் கரைசலில் உள்ள சோடியம் சுமார் 140 மடங்கு. மணியின் பிடிப்பும் கெட்டிக் கரைசலில் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. கால்சியம் ஒரு கணம் நழுவினாலும் அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துவிடும். கரைசல் மெதுவாக, அரை மணி நேரமாவது, மணிகளோடு ஊறிப் போக வேண்டும். அவசரமாக ஓடினால் உப்பு வீண், மணியும் புதுப்பிக்கப்படாது. பிறகு நல்ல தண்ணீரால் அலசினால் மணி பழையபடி தயார்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. மிஷினில் 25 லிட்டர் ரெசின். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை வாங்கும். மொத்தம் 1,250 கிராம். லிட்டருக்கு 0.6 கிராம் என்றால் ஏறக்குறைய 2,080 லிட்டர் தண்ணீர் வரும். நாளைக்கு 500 லிட்டர் செலவு, ஆக நான்கு நாளுக்கு ஒருமுறை உப்புப் போட வேண்டும். ஒரு முறைக்கு 3.75 கிலோ. மாற்றத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஒன்றரைக் கிலோதான். ஆனால் கூட்டம் காட்டித் தள்ள வேண்டியிருப்பதால் இரண்டரை மடங்கு போடுகிறோம். வருஷத்துக்கு 340 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஏழு மூட்டை உப்பு!

அதில் ஒரு கிராம்கூட மறைந்துபோவதில்லை. ஒரு பங்கு சோடியம் வீட்டுக் குழாயில் வருகிறது. மீதிச் சோடியமும் குளோரைடு முழுவதும், பிடிபட்ட கால்சியத்தோடு சேர்ந்து கழுவுநீரில் போகின்றன. இதைத்தான் நான் வாழைக்கு விட்டிருக்கிறேன்.

மண் ஏன் இறுகியது? களிமண் துகளும் ஒரு ரெசின் மணிதான். அதன்மேலும் எதிர் மின்னூட்டம் உண்டு, கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்த விஷயமே முதலில் மண்ணில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் தாம்ப்சனும் வேதியியலர் வே என்பவரும் 1850-இல் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண் வழியே வடித்தபோது, அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விட்டதைக் கண்டார்கள். செயற்கை ரெசின் வந்தது 1935-இல்தான்.

கால்சியம் இருக்கும்வரை களித்துகள்கள் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து, நடுவே காற்றுக்கும் நீருக்கும் வழி விடும். சோடியம் வந்து உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து கண்களை அடைத்துவிடும். பாசன நீரில் இந்த ஆபத்தை அளக்க எஸ்.ஏ.ஆர். என்ற எண் உண்டு, 10-க்குள் இருந்தால் கவலை குறைவு. எங்கள் போர் தண்ணீருக்கு அது 2-க்கும் கீழே. சாஃப்ட்னருக்குப் பிறகு அதே தண்ணீருக்கு 35-ஐத் தாண்டுகிறது. கழுவுநீர் மட்டுமல்ல, நுரைக்கும் அந்த "நல்ல தண்ணீரும்" செடிக்கு ஆகாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சொட்டுநீர்க் குழாய் அடைக்கிறதே என்று அதற்கும் சாஃப்ட்னர் போட நினைப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

வாழையடியில் கழுவுநீரை நிறுத்தி, ஜிப்சம் தூவி, போர் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினேன். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து கிளப்பும், தண்ணீர் அதை வேருக்குக் கீழே இறக்கும். சாஃப்ட்னரில் உப்புப் போடும் அதே வேலைதான், திசை மட்டும் எதிர். வடிகால் இருந்தால்தான் இது பலிக்கும். ஒரு மழைக்காலம் போன பிறகுதான் தண்ணீர் ஓரளவு இறங்க ஆரம்பித்தது.

இப்போது சாஃப்ட்னர் தண்ணீர் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் போகிறது. செலவு நாளுக்கு 150 லிட்டராகி, பதினான்கு நாளுக்கு ஒருமுறைதான் உப்பு. கழுவுநீரைத் தார்பாய் விரித்த ஒரு சிறு தொட்டியில் விட்டு வெயிலில் காயவிடுகிறேன். அடியில் தங்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டும்போதெல்லாம், இவ்வளவும் வாழைக்குப் போயிருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.