தீபாவளிக் கவரும் பதினோரு பிள்ளைகளும்

அக்கா பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள், வீட்டுக்காரி பக்கத்துப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தீபாவளிக்குச் செய்ய வேண்டும், யார் முகமும் வாடக் கூடாது, கைமாற்றும் வாங்கக் கூடாது என்றால் முதலில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

கணக்குக்காக அடி அண்ணாமலையில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் கிரிவலப் பாதையில் இளநீரும் தண்ணீர் பாட்டிலும் விற்கிறார். அவருக்கு ஓர் அக்கா, ஓர் அண்ணன், ஒரு தம்பி. மனைவிக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அக்காவுக்கு 19 வயதிலும் 15 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அண்ணனுக்கு 12, 9, 5 என்று மூன்று. தம்பிக்குப் போன வருஷம் பிறந்த கைக்குழந்தை. மனைவியின் அண்ணனுக்கு 16, 10. தங்கைக்கு 13, 7, 3. மொத்தம் பதினோரு பேர். இந்த ஒரே மனிதர் இவர்களில் சிலருக்குத் தாய்மாமன், சிலருக்குச் சித்தப்பா, சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு வெறும் மாமா.

மனஸ்தாபம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அக்கா பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை உண்டு. காதுகுத்துக்கு மடி, மஞ்சள் நீராட்டுக்குச் சீர், கல்யாணத்துக்கு வரிசை. அண்ணன் பிள்ளைகளுக்கு அந்த முறையைச் செய்ய வேண்டியவர் அண்ணியின் உடன்பிறந்தவர். அக்கா மகளின் சடங்குக்குப் பட்டுப்புடவையும் தோடும் எடுத்தவர், அண்ணன் மகளுக்கு அதைச் செய்யாததை ஊரில் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த முறை. ஆனால் அதே நினைப்பில் தீபாவளிக்கும் அக்கா பிள்ளைகளுக்கு நூறு ரூபாய் கூடப் போட்டால், அது முறை ஆகாது. பிள்ளைகளின் கண்ணுக்கு அது ஓரவஞ்சனை. ஆகவே நோட்டில் இரண்டு தனிப் பக்கம் வேண்டும். சீர் ஒரு பக்கம், பண்டிகை ஒரு பக்கம். சீர்ப் பக்கத்தில் உறவு முறை பேசட்டும். பண்டிகைப் பக்கத்தில் பிள்ளையின் வயதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது.

வயது ஏன் என்றால், சமம் என்பதை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள், இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. எல்லாருக்கும் ஆளுக்கொரு துணி என்று போனால், ரெடிமேடு கடையில் சைஸ் ஏற ஏற விலையும் ஏறும். மூன்று வயதுக் குழந்தையின் கவுனும் காலேஜ் பெண்ணின் சுடிதாரும் ஒரே விலைக்கு வராது. மூத்த பிள்ளைகள் அதிகம் இருக்கும் வீட்டுக்குச் செலவும் கூடும், விலைச் சீட்டு வெளியே தொங்கினால் பேச்சும் கூடும். எல்லாருக்கும் ஒரே தொகை என்று போனால், மூன்று வயதுக்கு அது நிறைய, பத்தொன்பது வயதுக்கு அது போதாது. வயதுக்கு ஒரு படி வைத்துவிட்டால் இரண்டும் தீரும். இன்றைக்குச் சின்னப் படியில் நிற்கும் குழந்தை நாளைக்குப் பெரிய படிக்கு வரும். எல்லாப் பிள்ளையும் ஒரே படிகளில்தான் ஏறப் போகிறது.

மூன்று படிகள் போதும். 5 வயது வரை 300 ரூபாய். 6 முதல் 12 வரை 500. 13 முதல் 21 வரை 700. நம் கணக்கில் முதல் படியில் மூன்று பேர், 900 ரூபாய். நடுப்படியில் நான்கு பேர், 2,000. மேல்படியில் நான்கு பேர், 2,800. ஆக 5,700 ரூபாய். இதோடு ஐந்து வீட்டுக்கும் வீட்டுக்கொரு இனிப்புப் பெட்டி, பெட்டி 350 என்றால் 1,750. காணும் பொங்கலன்று காலில் விழும் பிள்ளைகளுக்கு வயது பார்க்காமல் தலைக்கு 50 ரூபாய், அது 550. கூட்டினால் 8,000. எதிர்பாராமல் வந்து நிற்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைக்கும், கவர் வாங்கவும் 400 ரூபாய் ஒதுக்கினால், வருஷத்துக்கு 8,400.

பொங்கலுக்கு வயது பார்க்க வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. மாட்டுப் பொங்கல் சாயங்காலம் திருவண்ணாமலையில் திருவூடல் நடக்கிறது. மறுநாள் சுவாமி மலையைச் சுற்றி வரும்போது இந்தப் பக்கத்து வீடுகளில் உறவுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வரிசையாகக் காலில் விழும் பிள்ளைகளை நிறுத்தி யாருக்கு எந்தப் படி என்று யோசிக்க முடியாது. ஒரே நோட்டு, எல்லாருக்கும். அதுவே போதும்.

இப்போது வீடு வாரியாகக் கூட்டிப் பாருங்கள். அக்கா வீட்டுக்கு 1,400, அண்ணன் வீட்டுக்கு 1,300, மனைவியின் அண்ணன் வீட்டுக்கு 1,200, தங்கை வீட்டுக்கு 1,500. தம்பி வீட்டுக்கு வெறும் 300. இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பலர் மனசு பொறுக்காமல் தம்பி வீட்டுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுக்கு வீடு சமமாக்கப் போனால், மூன்று பிள்ளை பெற்ற வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது குறைந்துவிடும். வீட்டுக்குச் சமமாகப் போவது இனிப்புப் பெட்டி. பணம் பிள்ளைக்குப் போவது.

நோட்டில் பெயர்களை எழுதும்போது வீடு வாரியாக எழுதாமல், மூத்த பிள்ளையில் தொடங்கிக் கைக்குழந்தை வரை வயது வரிசையில் எழுதுங்கள். வயதுக்குப் பதில் பிறந்த வருஷத்தைப் போடுங்கள், ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்காது. இப்படி எழுதினால் அக்கா மகளுக்கு அடுத்த வரியில் மச்சான் மகன் வருவான், அவனுக்கு அடுத்து அக்கா மகன். கணவன் பக்கம், மனைவி பக்கம் என்ற கோடே தாளில் இருக்காது. அடுத்த வருஷச் செலவும் இதிலேயே தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு ஆகும், பன்னிரண்டுக்குப் பதின்மூன்று ஆகும். ஆளுக்கு 200 ஏறி, மொத்தம் 400 கூடும். 19 வயதுப் பெண் 22-ஐத் தொடும் வருஷம் 700 குறையும்.

அந்த 21 என்ற எல்லையை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே வையுங்கள். பெண் என்றால் கல்யாணம் வரை, பையன் என்றால் வேலை கிடைக்கும் வரை என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதில் சீக்கிரம் கட்டிக்கொடுத்த பெண்தான் நஷ்டப்படுகிறாள்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது? மாதச் சம்பளக்காரர் தேதி வைத்து எடுத்து வைக்கலாம். கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவருக்குப் பௌர்ணமிதான் சம்பள நாள். பௌர்ணமி வியாபாரம் முடிந்த மறுநாள் 700 ரூபாய் என்று எடுத்து வைத்தால், பன்னிரண்டு பௌர்ணமியில் 8,400 சேர்ந்துவிடும். சில வருஷங்களில் ஒரு பௌர்ணமி கூடுதலாகக் கிடைக்கும். 2025 தீபாவளி அக்டோபர் 20, 2026 தீபாவளி நவம்பர் 8. இடையில் பதின்மூன்று பௌர்ணமி வருகிறது, 2026 மே மாதத்தில் மட்டும் இரண்டு. அந்தப் பதின்மூன்றாவது 700, அடுத்த வருஷம் கூடப்போகும் 400-க்கும் இனிப்பு விலை ஏறினால் அதற்கும் ஆகும்.

சேர்க்கும் பணத்தை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். தபால் நிலையத்து ஆர்.டி. ஐந்து வருஷத் திட்டம், தீபாவளிக்குத் தீபாவளி எடுக்க அது தோதுப்படாது. வங்கியில் ஒரு வருஷத்துக்கு ஆர்.டி. போடலாம், ஆனால் மாதம் தவறாமல் கட்ட வேண்டும். வருமானம் ஏறி இறங்குபவருக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கே வசதி. தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள். பதிவு செய்த சீட்டா? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நம் மாவட்டத்திலேயே செய்யாறு பக்கம் தீபாவளிச் சீட்டில் கட்டிய பணத்துக்காக ஜனங்கள் போலீசுக்கு அலைந்திருக்கிறார்கள்.

பணம் குறையும் வருஷமும் வரும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை போட்டபோது, மாதக்கணக்கில் இந்தப் பாதையில் வியாபாரமே இல்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் தூரத்து வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் செய்யத்தான் மனசு போகும். அதைச் செய்யாதீர்கள். மூன்று படியையும் ஒரே அளவில் இறக்குங்கள். கையில் பாதிதான் இருந்தால் 150, 250, 350. கால்வாசி என்றால் இனிப்புப் பெட்டியை நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் ஐம்பது, நூறு. தொகை குறைந்ததைப் பிள்ளைகள் மறந்துவிடும். தன் பெயர் விட்டுப்போனதை மறக்காது.

கொடுக்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 500 ரூபாயை ஒரே நோட்டாகவும் 300 ரூபாயை மூன்று நூறாகவும் வைத்தால், ஏழு வயதுப் பிள்ளை தன் கையில் ஒன்று, தம்பி கையில் மூன்று என்று அழும். 300-க்கு ஒரு இருநூறும் ஒரு நூறும், 500-க்கு இரண்டு இருநூறும் ஒரு நூறும், 700-க்கு மூன்று இருநூறும் ஒரு நூறும் என்று வையுங்கள். படி ஏற ஏற நோட்டும் ஒன்று கூடும், சின்னதுகளுக்கும் அது புரியும். கடையில் விற்கும், ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவர் பதினொன்று வாங்கி, முந்தின ராத்திரியே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் கை மாறிப்போகிறது.

கஷ்டத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கூடக் கொடுக்க வேண்டாமா? கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் தீபாவளியன்று, மற்ற பிள்ளைகள் எதிரில், கனமான கவராக வேண்டாம். வாங்கும் பிள்ளைக்கே அது கூச்சம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பீஸ், நோட்டு, ஷூ என்று அந்தப் பிள்ளையின் அம்மா கையில் கொடுங்கள். அதை நோட்டில் மூன்றாவது பக்கமாக வைத்துக்கொள்ளலாம். அது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். பெயர்ப் பட்டியல் போடும் அன்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள், படியின் தொகையை இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த பௌர்ணமி வருவதற்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதிவிடுங்கள்.