வாடகை வீட்டில் ஓர் அலுவலக அறை

"மாசம் பதினஞ்சாயிரம் வாடகை சார். பாதியை செலவுல போட்டுடலாமா?" திருச்சியில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் கேட்டார். பகலெல்லாம் வீட்டில்தானே வேலை நடக்கிறது என்பது அவர் கணக்கு. ஆனால் வரிக் கணக்கில் நேரத்தைவிட இடம்தான் பேசும்.

2025-26 நிதியாண்டு வரைக்கும் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், தொழில் நடக்கும் இடத்தின் வாடகையைக் கழிக்க 30-வது பிரிவு வழிவிடுகிறது. அதே இடத்தில் குடியும் இருந்தால், தொழிலுக்கான பகுதியின் வாடகை மட்டுமே கழியும் என்கிறது 38-வது பிரிவு. அந்தப் பகுதியின் மதிப்பு விகிதத்தைப் பார்த்து அதிகாரி தீர்மானிப்பார். நடைமுறையில் நாம் காட்டக்கூடிய நேர்மையான விகிதம் சதுர அடிதான்.

அவரை டேப் எடுத்து அளந்து வரச் சொன்னேன். வேலை அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. வாடகை ஒப்பந்தத்தில் வீடு 1,000 சதுர அடி என்றிருந்தது. அப்படி வகுத்தால் 12 சதவீதம், மாதம் 1,800 ரூபாய். ஆனால் அந்த ஆயிரத்தில் சுவர்களும் மாடிப்படியும் சேர்ந்திருந்தன. அறையை அளந்தது போலவே வீட்டையும் சுவருக்கு உள்ளே அளந்தால் 800 சதுர அடிதான். இப்போது 15 சதவீதம். மாதம் 2,250, ஆண்டுக்கு 27,000 ரூபாய். அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றாக இல்லாததால் 5,400 ரூபாயை இழந்திருப்பார்.

"ஹால்லயும் உட்கார்ந்து வேலை பாக்குறேனே?" என்றார். அங்கேதான் குடும்பம் டிவி பார்க்கிறது, விருந்தாளி படுக்கிறார். அதை விட்டுவிடச் சொன்னேன். தொழிலுக்கென்றே ஒதுக்கிய அறைக்குக் கேட்பதை விளக்குவது எளிது. பொதுவான இடத்தைச் சேர்த்தால் முழுக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸையும் சேர்க்கக் கூடாது. அது திரும்பி வரும் பணம், செலவே அல்ல.

ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது, வாடகையும் அவர் வங்கிக் கணக்கிலிருந்தே போனது. அளவு குறித்த ஒரு வரைபடத்தையும் அறையின் புகைப்படத்தையும் அந்தக் கோப்பில் வைத்தோம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கழிவு போகாது, ஏனென்றால் இது தொழில் செலவு. பழைய முறையில் இருப்பவர் 80ஜிஜி பிரிவில் வீட்டு வாடகைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 60,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆனால் அது குடியிருக்கும் பகுதிக்கு மட்டும். இந்த 27,000 அதற்குள் மறுபடி வரக் கூடாது.

கட்டட வரைஞர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் இதைக் கேட்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டியிருந்தால், மற்ற பாதிக்குள்ளேயே வாடகையும் அடங்கிவிட்டது. தனியாகக் கழிக்க முடியாது. பாதிக்கும் குறைவாக லாபம் காட்ட விரும்பினால் கணக்குப் புத்தகம் வேண்டும், வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் வேண்டும். மொழிபெயர்ப்பு அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. அதனால்தான் அந்தப் பெண்ணின் நோட்டில் ஒவ்வொரு மாதமும் 2,250 ரூபாய் என்ற வரி தனியாக ஏறியது.