ஆறு பேர், நாற்பத்திரண்டு நாள்

பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருப்பது வழக்கமாகிவிடக் கூடாது, வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பல மருத்துவமனைகளில் 24 மணி நேர டியூட்டி இன்றும் தொடர்கிறது. அப்படியென்றால் மறுநாள் ஓய்வாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும்.

ஒரு பிரிவில் ஆறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 8 முதல் மறுநாள் 8 வரை ஒருவர் டியூட்டி. முந்தைய நாள் பார்த்தவருக்கு ஓய்வு. ஆக வார்டுக்கும் புறநோயாளிகளுக்கும் நான்கு பேர்தான். பட்டியல் போடுபவர் இந்த நான்கிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒருவர் விடுப்பெடுத்தால் மூன்று.

ஆறு பேர் வரிசையாகச் சுழன்றால், திங்கள் டியூட்டி பார்த்தவருக்கு அடுத்தது ஞாயிறு, பிறகு சனி. 42 நாளில் எல்லாருக்கும் எல்லாக் கிழமையும் ஒருமுறை வந்துவிடும். ஏழு பேர் இருந்தால்தான் சிக்கல்: ஒருவருக்கே எப்போதும் சனிக்கிழமை விழும். மாதந்தோறும் வரிசையை மாற்றியே ஆக வேண்டும்.

ஓய்வு பறிபோவது பெரும்பாலும் காலை ரவுண்ட்ஸில்தான். எட்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய நோயாளிகளோடு நண்பகல்வரை நின்றால், அரை நாள் போயிற்று. அந்த மருத்துவர் பெயரில் அன்று அறுவை சிகிச்சையோ புறநோயாளிப் பணியோ போடக் கூடாது. பட்டியலில் இன்னொரு கட்டமும் வேண்டும்: அவர் உண்மையில் வெளியேறிய நேரம். துறைத் தலைவர்கள் வாரம் ஒருமுறை அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.