நடந்தால் வலி, நின்றால் சரி: காலில் தெரியும் இருதய எச்சரிக்கை

சுங்கை பெசாரில் வாழும் 64 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இளமையில் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்துவிட்டு அண்மையில்தான் நிறுத்தினார். மாலையில் பாசார் மாலாமுக்கு நடந்தே போவார். இப்போது சில மாதங்களாக, ஏறக்குறைய 200 மீட்டர் நடந்ததும் வலது கெண்டைக்கால் இறுகிக்கொண்டு வலிக்கிறது. கடை ஓரத்தில் மூன்று நான்கு நிமிடம் நின்றால் வலி போய்விடுகிறது. மறுபடியும் நடந்தால், அதே தூரத்தில் அதே இடத்தில் வலி.

“வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இவரும் தைலம் தேய்க்கிறார், பாதி தூரத்தோடு நடையைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறைந்ததால் வலியும் குறைந்துவிட்டது. நோய் சரியாகிவிட்டது என்று நம்புகிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இது நரம்பும் அல்ல, வயதும் அல்ல. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடுவதன் அடையாளம்.

வலி ஏன் தூரம் பார்த்து வருகிறது?

நாம் உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசைக்குக் கொஞ்சம் இரத்தமே போதும். நடக்கத் தொடங்கியதும் அந்தத் தேவை பல மடங்கு உயரும். தமனி நன்றாக இருந்தால் அது விரிந்து கொடுக்கும். உள்சுவரில் கொழுப்புப் படிந்து குறுகிய தமனியால் அப்படிக் கொடுக்க முடியாது. வயலுக்குப் போகும் வாய்க்காலில் பாதி மண் மூடியிருப்பது போன்ற நிலை இது. ஈரம் காக்க வரும் நீர் போதும், நாற்று நடும் காலத்துத் தேவைக்குத்தான் பற்றாது. பிராணவாயு போதாத தசை வலிக்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலி அடங்குகிறது.

ஆகவேதான் இந்த வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ ஒரே தூரத்தில் வரும், மேடு ஏறினால் சீக்கிரம் வரும், நின்றால் பத்து நிமிடத்துக்குள் போகும். தொடையில் உள்ள தமனி அடைபட்டால் கெண்டைக்கால் வலிக்கும். அதற்கும் மேலே, வயிற்றுப் பகுதித் தமனி அடைபட்டால் பிட்டமும் தொடையும் வலிக்கும்.

முதுகெலும்புக்குள் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். மூட்டுத் தேய்மான வலி, எழுந்த முதல் அடியிலேயே தெரியும். “எங்கே வலிக்கிறது” என்பதோடு “நின்றால் போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா” என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

கையையும் காலையும் ஒப்பிடும் சோதனை

நம் கதாநாயகர் கடைசியில் அரசாங்க கிளினிக்குக்குப் போகிறார். மருத்துவர் உள்கணுக்கால் எலும்பின் பின்புறத்திலும் பாதத்தின் மேற்புறத்திலும் விரல் வைத்து நாடி பார்க்கிறார். வலது காலில் நாடி தட்டவில்லை. ஆனால் நாடி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் பாதத்தின் மேற்புற நாடி விரலுக்குத் தெரியாது. அதனால் அழுத்தத்தை அளக்கச் சொல்கிறார். அதற்கான டாப்ளர் கருவி இல்லாத கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

சோதனை எளிமையானது. படுக்க வைத்து இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. இவருக்குக் கையில் 150, இடது கணுக்காலில் 141, வலது கணுக்காலில் 90. இடது கால் 0.94, வலது கால் 0.60. ஒன்றுக்கு மேலிருந்தால் இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் கால் தமனி நோய். இடது கால் எல்லைக் கோட்டில் நிற்கிறது. அது இன்னும் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களில் பலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்திருக்கும். பட்டையால் அழுத்தினாலும் அது அமுங்காது. அதனால் விகிதம் 1.40க்கு மேல் வரலாம், அல்லது அடைப்பு இருந்தும் இயல்பு போலவே தெரியலாம். கால் விரலில் அழுத்தம் பார்த்தால் உண்மை தெரியும். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு நடை வலியே தெரியாமல், ஆறாத புண்தான் முதல் அறிகுறியாக வரும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு “எனக்குக் கால் வலி இல்லையே” என்பது ஆறுதல் ஆகாது.

ஆபத்து காலில் மட்டும் இல்லை

சோதனை முடிந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, “காலை எடுக்க வேண்டி வருமா, டாக்டர்?” எல்லோரும் கேட்பது இதைத்தான். உண்மை நிலவரம் வேறு. நடை வலி மட்டும் உள்ள 100 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்தால், 70 முதல் 80 பேருக்குக் கால் அப்படியே இருக்கும். கால் பறிபோகும் அளவுக்கு முற்றுவது ஓரிருவருக்குத்தான். (இனிப்பு நீரும் சிகரெட்டும் இருந்தால் அது கூடும்.) அதே ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும், இறந்தவர்களில் பெரும்பாலோரின் மரணத்துக்கு இருதய, இரத்தக் குழாய் நோயே காரணமாக இருக்கும்.

ஏன் அப்படி? காலில் படிந்த கொழுப்பு காலுக்கென்று தனியாக வந்ததில்லை. இருதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளிலும் அதே இரத்தம்தான் ஓடுகிறது, அதே எல்டிஎல் கொலஸ்ட்ரால்தான் சுவருக்குள் புகுகிறது. காலில் குழாய் மெல்ல மெல்லக் குறுகி வலி தருகிறது. இருதயத்திலோ, பாதி கூட அடைபடாத ஒரு படிவின் மெல்லிய மூடி திடீரென்று கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, சில நிமிடத்தில் முழுதும் அடைத்துவிடலாம். அதற்கு முன்னறிவிப்பு இருக்காது. காலில் வந்த வலியைத்தான் அந்த முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்சு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

இவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்திருந்தார்கள். “நெஞ்சு வலி இல்லையே” என்று இவரே நிறுத்திவிட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் 2002இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் நடத்திய இருதயப் பாதுகாப்பு ஆய்வு அது. அதில் சேர்ந்த 20,536 பேரில் 6,748 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. பாதிப் பேருக்கு தினமும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டேட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குப் பின், கால் தமனி நோயாளிகளில் போலி மாத்திரை உண்டவர்களிடையே 100க்கு சுமார் 33 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், குழாய் அடைப்புக்கான அறுவை போன்ற ஏதோ ஒன்று நேர்ந்திருந்தது. மருந்து உண்டவர்களிடையே அது 26. தொடக்கத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதுதான் இதில் முக்கியம்.

இந்த மாத்திரை குழாயைத் திறந்துவிடாது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைத்து, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கூடுதலாக இழுக்கச் செய்கிறது. படிவுக்குப் புதிய கொழுப்பு சேர்வது குறைகிறது, அதன் மூடி தடிக்கிறது, கிழிவது குறைகிறது. இதை உடம்பால் உணர முடியாது. எனவே “சாப்பிட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை” என்பது நிறுத்தக் காரணம் ஆகாது.

இலக்கு எண்ணும் வேறு. கால் தமனி நோய் உள்ளவர்களை மாரடைப்பு வந்தவர்களோடு ஒரே வரிசையில் வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டியின் கருத்து. எல்டிஎல் 1.4 மில்லிமோலுக்குக் கீழே வர வேண்டும், முன்பிருந்ததில் பாதியாவது குறைய வேண்டும். இவருக்கு 3.4 இருந்தது. 40 மில்லிகிராம் அடோர்வாஸ்டேட்டின் பாதியைக் குறைத்து 1.7க்குக் கொண்டுவந்தது. அளவை இரட்டித்தால் மேலும் 6 விழுக்காடுதான் குறையும். அதனால் மருத்துவர் எசெடிமைப் என்ற இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் அது, இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். 1.7 என்பது 1.4க்குச் சற்றுக் கீழே வந்தது. பரிசோதனைத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருப்பதை இவர் பார்க்கக் கூடாது. அது நோய் இல்லாதவர்களுக்கான எண்.

ஒரு குழப்பம்

இந்த மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வரும். ஏற்கெனவே கால் வலிப்பவர் “மாத்திரைதான் காலைக் கெடுக்கிறது” என்று விட்டுவிடுவார். இரண்டையும் பிரித்தறியலாம். மாத்திரை வலி பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களில், இரு பக்கமும், தொடையிலும் தோளிலும் வரும், உட்கார்ந்தாலும் இருக்கும். தமனி வலி நடந்தால் வரும், நின்றால் போகும். சந்தேகம் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தச் சோதனை செய்து, அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ முடியும். சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் அன்றே போக வேண்டும்.

வலிக்கும் காலோடு நடக்கலாமா?

நடக்க வேண்டும். வலி மிதமாகும் வரை நடந்து, நின்று, அடங்கியதும் மீண்டும் நடப்பது. இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். தசை கிடைக்கும் பிராணவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுகிறது. பலரால் வலியில்லாமல் நடக்கும் தூரம் நன்றாகக் கூடும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிகரெட் தொடர்ந்தால் மாத்திரையும் நடையும் செய்த வேலை பாதி வீணாகும்.

சில அறிகுறிகளுக்கு அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. இரவில் படுத்ததும் பாதம் எரிந்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால், புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால், விரல் கறுக்கிறது என்றால் உடனே காட்டுங்கள். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போனால் அது அவசர நிலை. சில மணி நேரத்தில் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு போய்விடும், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை இரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் மருந்து வாங்கப் போகும்போது, காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். எத்தனை மின்கம்பம் தாண்டியதும் வலி வருகிறது என்று எண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கம்பங்களை மறுபடியும் எண்ணினால், காலின் முன்னேற்றம் தெரிந்துவிடும். இருதயத்தின் நிலையைச் சொல்ல எல்டிஎல் எண்ணையும் கேட்டு வாங்கி, அதே அட்டையில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.