சாவி கையில் இருக்கிறது, காசு யாருடையது?

2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்திருந்த ஜெரால்ட் காட்டன் என்ற கனடாக்காரர் அங்கேயே இறந்துபோனார். வயது 30. குவாட்ரிகா என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சை நடத்தியவர் அவர். வாடிக்கையாளர்களின் நாணயங்கள் இணையத்தோடு இணைக்கப்படாத வாலட்டுகளில் இருக்கின்றன, அவற்றைத் திறக்கும் கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நிறுவனத் தரப்பு சொன்னது. நீதிமன்றம் நியமித்த எர்ன்ஸ்ட் அண்ட் யங் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வாலட்டுகள் 2018 ஏப்ரலிலேயே காலியாகிவிட்டது தெரிந்தது. நடந்தது மோசடி என்று ஒன்டாரியோ பங்குபத்திர ஆணையம் 2020-ல் அறிக்கை தந்தது. 76,000-க்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 21.5 கோடி கனடா டாலர் பாக்கி.

சாவி தொலைந்ததே என்று ஊரெல்லாம் தவித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஏதாவது இருந்ததா என்ற கேள்வியை யாரும் முன்கூட்டியே கேட்டிருக்கவில்லை. கிரிப்டோ வைத்திருக்கும் நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் கேட்க வேண்டியவை மூன்று: நாணயம் இருக்கிறதா? அது இந்த நிறுவனத்துக்குச் சொந்தமா? நாளைக்கும் கையில் நிற்குமா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றொன்றுக்கான பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

இது பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் பிரச்சினை மட்டும் அல்ல. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல், கிரிப்டோவில் வாங்கி விற்ற அல்லது முதலீடு செய்த கம்பெனிகள் ஆண்டு முடிவில் எவ்வளவு வைத்திருக்கின்றன, லாபமோ நஷ்டமோ எவ்வளவு என்பதைக் கணக்கறிக்கையிலேயே சொல்ல வேண்டும். இரண்டு இயக்குநர்கள் கொண்ட ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

அப்படி ஒரு கம்பெனியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். 2025 மார்ச் 31 அன்று 2 பிட்காயின் இருப்பு என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. அதில் 1.40 நிறுவனத்தின் ஹார்ட்வேர் வாலட்டில், 0.60 ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில். ஆடிட்டர் மே மாதம் வேலையைத் தொடங்குகிறார்.

இருப்பைச் சரிபார்ப்பது மூன்றில் எளிது. பிட்காயின் பரிவர்த்தனைகள் எல்லாம் பிளாக்செயினில் எவரும் பார்க்கும்படி பதிவாகியிருக்கின்றன. முகவரி தெரிந்தால், குறிப்பிட்ட நாளில் அதில் எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும் இரண்டு இடங்களில் கால் இடறும்.

முதலாவது நேரம். பிளாக்செயினைக் காட்டும் பல தளங்கள் UTC நேரத்தில் கணக்குச் சொல்லும். நமக்கு மார்ச் 31 நள்ளிரவு என்பது அங்கே 18:30. இதைக் கவனிக்காமல் UTC நள்ளிரவு வரை எடுத்துவிட்டால், நம் ஏப்ரல் 1 அதிகாலை ஐந்தரை மணி வரை நடந்ததும் சென்ற ஆண்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் உருவாகிறது. 18:30-க்கு முந்தைய கடைசி பிளாக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த பிளாக் வரையிலான இருப்பை எடுப்பதே சரி. எடுக்கும் தளத்தை ஆடிட்டரே தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய இணைப்பைச் சொடுக்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, போலித் தளம் ஒன்றை உருவாக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவது, முகவரிப் பட்டியல். நம் கம்பெனி ஐந்து முகவரிகளைத் தருகிறது. கூட்டினால் 1.30 தான் வருகிறது. 0.10 எங்கே? பிட்காயினை ஒரு முகவரியிலிருந்து செலவழிக்கும்போது, மீதித் தொகை பெரும்பாலும் வாலட் தானாக உருவாக்கும் புதிய முகவரிக்குப் போய்விடும். கணக்கர் அந்த முகவரியைப் பார்த்ததே இல்லை. அதனால் தனித்தனி முகவரிகளை வாங்குவதைவிட, வாலட்டின் xpub என்ற பொதுச்சாவியை வாங்குவது நல்லது. அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளும் அதிலிருந்து வெளிப்படும். அதை வைத்துப் பார்க்கலாம், செலவழிக்க முடியாது. (நிறுவனத்தின் முழு வரவுசெலவும் அதில் தெரியும் என்பதால் ஆடிட்டர் அதையும் ரகசியமாகக் காக்க வேண்டும்.) xpub-ஐ வைத்துப் பார்த்ததும் விடுபட்ட முகவரியும் கிடைத்தது. மார்ச் 31 அன்று சரியாக 1.40.

இங்கே பல ஆடிட்டர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். பிளாக்செயின் சொன்னது, அந்த முகவரிகளில் 1.40 பிட்காயின் இருந்தது என்பதை மட்டும்தான். உலகில் எவருடைய முகவரியையும் எவரும் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.

எனவே அடுத்தது, சாவி இவர்களிடம் இருக்கிறது என்பதற்கான நிரூபணம். ஒரு வழி, ஆடிட்டர் ஒரு வாசகத்தைக் கொடுத்து, அந்த முகவரியின் சாவியால் அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போடச் சொல்வது. வாசகத்தை ஆடிட்டரே, அந்த நேரத்தில், கம்பெனிப் பெயர், தேதி, மனதில் தோன்றிய ஒரு எண் ஆகியவற்றோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் என்றோ போட்டுத்தந்த கையெழுத்தைக் கொண்டுவந்து காட்டிவிடலாம். எல்லா வாலட்டுகளும் எல்லா வகை முகவரிகளுக்கும் இந்த வசதியைத் தருவதில்லை. அப்போது ஆடிட்டர் சொல்லும் ஒரு சிறு தொகையை, அவர் சொல்லும் நேரத்தில், அதே வாலட்டுக்குள் ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பச் சொல்லலாம். செலவு கொஞ்சம் கட்டணம்தான். சாவியையோ, அதை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 சொற்களையோ ஆடிட்டர் எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், பிறகு நாணயம் காணாமல் போகும்போது சந்தேகப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும்.

சோதனை நடந்தது. கையெழுத்து சரி. ஆனால் அன்றைய இருப்பு 1.15 தான்.

இனிதான் தணிக்கையின் உயிர்ப்பகுதி. கிடங்கின் சாவியை வைத்திருப்பவர் சரக்கின் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதேபோல் வாலட்டில் கையெழுத்திட முடிந்தது, சாவி இவர்களிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று. வேறு எவரிடமும் அதன் நகல் இல்லை என்பதற்கோ, நாணயம் கம்பெனிப் பணத்தில் வாங்கியது என்பதற்கோ அது சான்று ஆகாது. அதற்குத் தடம் பிடிக்க வேண்டும்: கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன பணம், அங்கே வாங்கிய பிட்காயின், அங்கிருந்து வாலட்டுக்கு எடுத்த பரிவர்த்தனை எண், அது வந்து சேர்ந்த முகவரி. ஒவ்வொரு கண்ணியும் தேதியிலும் தொகையிலும் அடுத்ததோடு பொருந்த வேண்டும்.

நம் கம்பெனியில் 1.15-க்கு இந்தத் தடம் சுத்தமாகக் கிடைத்தது. மீதி 0.25 மார்ச் 27 அன்று தெரியாத முகவரியிலிருந்து வந்திருக்கிறது. வங்கியில் அதற்கு ஈடான செலவு இல்லை. ஏப்ரல் 4 அன்று வெளியே போயிருக்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், டிசம்பரில் ஒரு 0.25 வவுச்சர் இல்லாமல் வாலட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. கேட்டபோது ஓர் இயக்குநர் சொன்னார்: "அவசரத்துக்கு நான்தான் எடுத்தேன் சார். மார்ச்சில் நண்பரிடம் வாங்கி வைத்துவிட்டேனே." அந்த நண்பருக்கு ஏப்ரலில் திரும்பிப் போய்விட்டது. மார்ச் 31-ஐ மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். ஆண்டு முடிவுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களின் வரவுசெலவைப் பார்க்காத கிரிப்டோ தணிக்கையை நான் தணிக்கை என்றே சொல்லமாட்டேன். அந்த 0.25, கணக்கில் நாணய இருப்பாக இருக்க முடியாது. இயக்குநர் கம்பெனிக்குத் தரவேண்டிய தொகை அது. இயக்குநருக்குக் கடன் கொடுப்பதைக் கம்பெனிச் சட்டம் கட்டுப்படுத்துவதால், அது தனியாக ஒரு கேள்வியையும் கிளப்பும்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 0.60-இன் கதை வேறு. அங்கே கம்பெனியிடம் சாவியே இல்லை. எக்ஸ்சேஞ்ச் தரவேண்டிய கடமைதான் அங்கே சொத்து. திரைப்பிடிப்பு சான்றாகாது. இருப்பு உறுதிக் கடிதம் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும். வராவிட்டால், ஆடிட்டர் உட்கார்ந்து பார்க்க, தள முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே நுழைந்து, வரலாறு முழுவதையும் இறக்கி வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தபோது, கணக்கு இயக்குநரின் சொந்த பான் எண்ணில் திறக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சிறு நிறுவனங்களில் இது நடப்பது எளிது, தனிநபர் கணக்கு சில நிமிடத்தில் திறந்துவிடும் என்பதால். ஆண்டுக்குள் கொஞ்சம் விற்றபோது பிடிக்கப்பட்ட 1% வரியும் அவருடைய 26ஏஎஸ் படிவத்தில்தான் வரவாகியிருந்தது. வருமான வரித்துறையின் கண்ணில் விற்றவர் அவர்தான்.

எக்ஸ்சேஞ்சில் உள்ள நாணயத்தின் சட்ட நிலை பற்றி 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றது. வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் முடங்கிப்போன தன் எக்ஸ்ஆர்பி நாணயங்களுக்காக ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கு அது. 2024 ஜூலையில் அங்கிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. திருட்டில் சிக்காத நாணயங்களை வைத்திருந்தவர்களாலும் ஓராண்டுக்கு மேல் அவற்றை எடுக்க முடியவில்லை. ஆகவே திரையில் தெரியும் எண் சரியாக இருந்தாலும், ஆண்டு முடிவுக்குப் பிறகு ஒரு சிறு தொகையை எடுத்துப் பார்க்கச் சொல்வது நல்ல சோதனை.

அதே திருட்டு பாதுகாப்பைப் பற்றியும் ஒன்றைக் காட்டியது. அந்த வாலட்டைத் திறக்கப் பல பேரின் கையெழுத்து தேவை. அந்த ஏற்பாடு இருந்தும் போனது. கையெழுத்திட்டவர்களுக்குத் திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையெழுத்தானதும் வேறுவேறு என்று வாசிர்எக்ஸ் கூறியது. ஆகவே எத்தனை கையெழுத்து என்று எண்ணுவதோடு ஆடிட்டர் நிற்கக் கூடாது. பணம் போகும் முகவரியைக் கணினித் திரையில் மட்டும் பார்க்கிறார்களா, ஹார்ட்வேர் வாலட்டின் சொந்தத் திரையிலும் ஒப்பிடுகிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும்.

நம் கம்பெனியில் ஒரே கருவி, ஒரே தாளில் 24 சொற்கள், அந்தத் தாள் இயக்குநர் வீட்டு பீரோவில். அது சரியாக எழுதப்பட்டதா என்று எவரும் சோதித்ததில்லை. சோதிக்க வழி உண்டு. புதிய கருவி ஒன்றில், ஆடிட்டர் அறைக்கு வெளியே நிற்க, இயக்குநர்கள் சொற்களை உள்ளிட வேண்டும். பிறகு அந்தக் கருவி காட்டும் முதல் முகவரியை ஆடிட்டர் தன் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் தாள் சரி. வாலட்டை முதலில் அமைத்துத் தந்த ஊழியர் சென்ற ஆண்டே வேலையை விட்டுவிட்டார் என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தது. அவர் அந்தச் சொற்களைப் பார்த்திருந்தால் பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. சொற்கள் தெரிந்தவருக்குக் கருவியே தேவையில்லை. புதிய சாவிகளை உருவாக்கி, நாணயங்களை அங்கே மாற்ற வேண்டும். இரண்டு இயக்குநர்களிடம் ஒவ்வொன்று, வங்கி லாக்கரில் ஒன்று என மூன்று சாவிகள் வைத்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி அமைத்தால், ஒருவர் இறந்தாலும் கம்பெனி முடங்காது, ஒருவர் தனியாக எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

கணக்கறிக்கையில் நாணய இருப்பு கடைசியில் இப்படி நின்றது: சொந்த வாலட்டில் 1.15. எக்ஸ்சேஞ்சில் 0.60, கம்பெனியின் பணத்தில் கம்பெனிக்காக வைத்திருப்பதாக இயக்குநர் எழுதித் தந்த பத்திரமும், இயக்குநர் குழுத் தீர்மானமும், வங்கித் தடமும் சேர்ந்த பிறகு. 0.25 இயக்குநரிடமிருந்து வரவேண்டியது. புத்தகம் சொன்ன மொத்தத்தில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அந்த மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு நாணயமாகவே இல்லை என்பதும், இன்னொரு பெரும் பங்கு வேறொருவர் பெயரில் இருந்தது என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது.