வெளிப்பொருத்து மீயொலி ஓட்டமானி: குழாய்ச்சுவர்த் தரவும் அளவீட்டுப் பிழையும்

முன்னுரை

குழாயை அறுக்காமல், அதன் வெளிப்புறத்தில் இரண்டு உணரிகளை இறுக்கிப் பொருத்தி நீரோட்டத்தை அளக்கும் கருவி வெளிப்பொருத்து மீயொலி ஓட்டமானி ஆகும். ஓட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் ஒலித்துடிப்பு கடக்கும் கால வேறுபாட்டிலிருந்து நீரின் வேகம் பெறப்படுகின்றது. அவ்வேகத்தைக் குழாயின் உட்குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்ட அளவு கிடைக்கும். வேகத்தைக் கருவி அளக்கின்றது. பரப்போ பயன்படுத்துவோர் உள்ளிடும் தரவிலிருந்து கணக்கிடப்படுகின்றது. இத்தரவில் நேரும் பிழை, குறிகை நன்றாக இருக்கும்போதும் மறைந்திருக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

சுவர்த் தரவு

200 மி.மீ. பெயரளவுடைய எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 219.1 மி.மீ. ஆகும். சுவர்த்தடிப்பு ஷெட்யூல் 40 வகையில் 8.18 மி.மீ.; ஷெட்யூல் 20 வகையில் 6.35 மி.மீ. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. முதல்வகைக் குழாயை இரண்டாம் வகையெனக் கொண்டால் உள்விட்டம் 202.7 மி.மீ. என்பதற்கு மாறாக 206.4 மி.மீ. எனப் பதிவாகும். வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர் எனச் சரியாகவே அளக்கப்பட்டாலும், மணிக்கு 174 கனமீட்டராக இருக்கவேண்டிய ஓட்டம் 181 கனமீட்டராகத் தோன்றும். பரப்பு விட்டத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால், விட்டத்தில் 1.8 விழுக்காட்டுப் பிழை ஓட்டத்தில் 3.6 விழுக்காடாகின்றது.

எனவே தடிப்பை அட்டவணையிலிருந்து எடுக்காமல், வண்ணப்பூச்சை நீக்கி, மீயொலித் தடிப்புமானியால் சுற்றளவின் நான்கு இடங்களில் அளந்து சராசரி காணவேண்டும். நாடாவால் அளந்த சுற்றளவை πஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். உள்ளே சிமெண்ட் பூச்சு இருப்பின் அதன் தடிப்பைத் தனியே உள்ளிடவேண்டும்.

இடமும் பொருத்துதலும்

வளைவைக் கடந்த நீர் சுழன்று செல்வதால் வேகப்பரவல் சீர்குலைகின்றது. ஆகவே உணரிகளுக்கு முன் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் தேவை; இக்குழாய்க்கு அவை ஏறத்தாழ 2 மீட்டரும் 1 மீட்டரும் ஆகும். பம்பு அல்லது பகுதி திறந்த வால்வுக்குப்பின் இதனினும் மிகுதியான நீளம் வேண்டும். கிடைமட்டக் குழாயின் மேற்புறத்தில் காற்றும் அடிப்புறத்தில் வண்டலும் தங்குமாதலால் உணரிகளைப் பக்கவாட்டில், காற்றிடைவெளியின்றி இணைப்புக் களிம்பு தடவிப் பொருத்தவேண்டும்.

குறிகைச் சோதனை

குறிகை வலிமை குறைந்தால் களிம்பு, துரு, காற்றுக்குமிழி, உணரிகளின் இடைவெளி ஆகியவற்றை ஆராயவேண்டும். பல கருவிகள் அளந்த கடப்புக் காலத்தைக் கணக்கிட்ட காலத்துடன் ஒப்பிட்டு, 97 முதல் 103 விழுக்காடு வரை ஏற்கத்தக்கதெனக் கொள்கின்றன. மேற்கண்ட தடிப்புப் பிழை ஒலிப்பாதையின் நீளத்தை ஏறத்தாழ 2 விழுக்காட்டிற்குள்ளேயே மாற்றுவதால் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடும். நீர் நிறைந்த குழாயில் வால்வை மூடிச் செய்யும் சுழியச் சோதனையும் இதனைக் காட்டாது; பரப்பு எதுவாயினும் சுழிய வேகம் சுழிய ஓட்டத்தையே தரும்.

முடிவுரை

குறிகைத்தரம் ஒலி சரிவரக் கடந்துசெல்வதற்கே சான்றாகும். உள்ளிட்ட விட்டத்திற்குச் சான்றாகாது. ஆதலால் ஓட்ட அளவைப் பதிவுசெய்யும் ஆய்வேடுகள், அளந்த சுவர்த்தடிப்பையும் அளந்த முறையையும் உடன் குறித்தல் வேண்டும்.